பெல் பட்டனை அமுக்கிய பிறகும்

பிளஸ் டூ இயற்பியலைத் தமிழ்வழி மாணவர்களுக்காக யூடியூபில் நடத்தி வருகிறேன். சேனலின் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை 12,000-ஐத் தொட்டபோது, இனி ஒரு பாடத்தை ஏற்றிய நிமிடமே 12,000 போன்கள் அதிரும் என்றுதான் நினைத்தேன். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, மனதுக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் நூறு பேர்கூடப் பார்க்காத நாட்களில் பிள்ளைகள் மீது கோபம் வந்தது. அடுத்த வீடியோவின் தொடக்கத்திலேயே, "பெல் பட்டனை அமுக்குங்கப்பா, எத்தன தடவ சொல்றது" என்று அலுத்துக்கொண்டேன். அமுக்கியவர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஒருநாள் யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்களைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பொறுமையாகப் படித்தேன். பெல் அறிவிப்புகளுக்கென்றே அங்கே ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் இரண்டு சதவீதங்கள். நம் சேனலின் எல்லா அறிவிப்பும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்த சப்ஸ்கிரைபர்கள் எத்தனை சதவீதம் என்பது முதலாவது. அவர்களிலும், தங்கள் போனில் யூடியூப் அறிவிப்புகளை அனுமதித்திருப்பவர்கள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது. எனக்கு முதல் எண் 14, இரண்டாவது 6. பக்கத்திலேயே சிறிய எழுத்தில், பொதுவாக சேனல்களுக்கு முதலாவது 10 முதல் 30 வரையும், இரண்டாவது 5 முதல் 20 வரையும் இருக்கும் என்று போட்டிருந்தது. ஆக, என் சேனலுக்குத் தனியாக எந்த நோயும் இல்லை.

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 12,000-இல் 14 சதவீதம் 1,680 பேர். 6 சதவீதம் என்றால் 720 பேர். போன் அதிர வாய்ப்புள்ளவர்களே இந்த 720 பேர்தான். அதிர்ந்ததும் எல்லோரும் திறந்துவிடுவதில்லை. அறிவிப்பைத் தட்டி வீடியோவுக்குள் வருகிறவர்கள் பொதுவாக அரை சதவீதம் முதல் இரண்டரை சதவீதம் வரைதான் என்பதையும் ஸ்டூடியோவே காட்டுகிறது. எனக்கு ஒன்றரை. 720-இல் ஒன்றரை சதவீதம் என்றால் 11 பேர். பன்னிரண்டாயிரம் பேரை நம்பி உட்கார்ந்திருந்தவனுக்கு, பெல் கொண்டுவந்து சேர்த்தது ஒரு வகுப்பறையும் நிரம்பாத கூட்டம். மீதி எல்லோரும் முகப்புப் பக்கம் வழியாகவும் தேடல் வழியாகவும் அவரவர் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

முதல் சல்லடை சப்ஸ்கிரைப் பொத்தானிலேயே இருக்கிறது. அதை அமுக்கியவுடன் தானாக அமைவது `All` அல்ல, `Personalized`. சப்ஸ்கிரைப் செய்த எல்லோருக்கும் எல்லா வீடியோவுக்கும் அறிவிப்பு போகும் என்ற என் எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போயிற்று. `Personalized` என்றால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று யூடியூபே முடிவு செய்யும். இவர் என்னென்ன பார்த்திருக்கிறார், இந்தச் சேனலை எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார், இந்த வீடியோ எவ்வளவு பேரால் பார்க்கப்படுகிறது, வந்த அறிவிப்புகளை இவர் எவ்வளவு தூரம் திறக்கிறார் என்பதெல்லாம் அந்த முடிவில் சேரும். மாணவர்கள் பாடச் சேனலுக்கு வருவது தேர்வுக்கு முன்னால்தான். ஜூனில் சேர்ந்தவன் டிசம்பர் வரை எட்டிப் பார்க்காவிட்டால், ஜனவரியில் நான் போடும் வீடியோவை அவனிடம் சொல்ல அந்தக் கணக்கில் என்ன காரணம் இருக்கும்? இதைக் குறையென்று சொல்ல எனக்கு வாயில்லை. நானே ஐம்பது சேனல்களுக்கு மேல் சப்ஸ்கிரைப் செய்து வைத்திருக்கிறேன். அத்தனையும் `All` என்று இருந்தால் வகுப்பு நடத்த முடியாது. என் நண்பர் ஒருவர் வேதியியல் சேனல் நடத்துகிறார். அவருடைய பெல்லை `None` என்று மாற்றியிருந்ததே அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. எப்போது மாற்றினேன் என்பதுகூட ஞாபகமில்லை.

இதெல்லாம் புரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. `All` கொடுத்தவர்களுக்கும் ஏன் போகவில்லை? அதற்கு விடை கிடைத்தது ஒரு மாணவியின் போனில். "சார், பெல்லு அமுக்கித்தான் இருக்கு. பாருங்க. ஒண்ணுமே வரல" என்று நீட்டினாள். அப்பாவின் போன் அது. பெல் உண்மையாகவே `All` என்றுதான் இருந்தது. செயலிக்குள்ளேயே இருக்கும் அறிவிப்புப் பட்டியலைத் திறந்தேன். என் கடைசி நான்கு வீடியோக்களும் வரிசையாக அங்கே இருந்தன. போனின் திரையை மேலிருந்து இழுத்துப் பார்த்தால் எதுவும் இல்லை.

யாருடைய போனாக இருந்தாலும் இப்போது இதைத்தான் முதலில் பார்க்கிறேன். செயலிக்குள் இருக்கும் பட்டியலில் வீடியோ இருந்து, போன் திரையில் மட்டும் வரவில்லையென்றால், யூடியூப் தன் பக்கத்தில் பதிவு செய்துவிட்டது. தடை பெரும்பாலும் போனில் இருக்கிறது. பட்டியலிலேயே இல்லையென்றால் போனைக் குடைந்து பயனில்லை. பெல் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறார்கள், வீடியோ போட்டவர் அறிவிப்பு அனுப்பினாரா என்று பார்க்க வேண்டும். கணக்கு விஷயம் நம் வீடுகளில் அடிக்கடி இடறும். ஒரே போனில் அம்மா கணக்கு, அண்ணன் கணக்கு, பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கு என்று மூன்று இருக்கும். சப்ஸ்கிரைப் செய்தது ஒன்றில், பார்ப்பது இன்னொன்றில்.

அந்த மாணவியின் விஷயத்தில் தடை போனில்தான் இருந்தது. அமைப்புகளில் யூடியூபுக்கான அறிவிப்பு அனுமதி முழுவதுமாக அணைக்கப்பட்டிருந்தது. "அப்பாதான் சார், கண்ட கண்டதெல்லாம் வருதுன்னு ஆஃப் பண்ணிட்டாங்க" என்றாள். அவர் அணைத்தது யாரோ ஒருவருடைய சினிமா விமர்சனத்துக்காக இருக்கலாம். ஆனால் போனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. யூடியூப் என்ற பெயரில் வரும் அத்தனையும் அதோடு போயிற்று, என் மின்காந்தத் தூண்டலும் சேர்த்து. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு காட்டலாமா என்று முதலிலேயே அனுமதி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டு மறந்தவர்களும் என் 14-க்கும் 6-க்கும் நடுவே இருப்பார்கள்.

இன்னொரு பையனின் போனில் அனுமதி இருந்தது. அறிவிப்புகள் மட்டும் அவன் யூடியூபைத் திறக்கும்போது மொத்தமாக வந்து விழுந்தன. ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக இணையத்தில் காத்துக் கிடப்பதில்லை. எல்லாச் செயலிகளின் அறிவிப்பும் கூகுளின் ஒரே இணைப்பு வழியாக வந்து, அங்கிருந்து அந்தந்தச் செயலிக்குக் கை மாறும். பேட்டரியைச் சேமிக்க, பயன்படுத்தாமல் கிடக்கும் போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். அவசரம் என்று குறித்த செய்திதான் எழுப்பும், மற்றவை அது இடையிடையே விழிக்கும் வரை காத்திருக்கும். இது போதாதென்று சில போன்களில் கம்பெனிக்காரர்களே தங்கள் பங்குக்கு ஒரு கடுமையான பேட்டரி மிச்சப்படுத்தலைப் போட்டு, பின்னணியில் செயலி இயங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். பையனின் போனில் யூடியூபுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினோம். அடுத்த வீடியோ நேரத்துக்கு வந்தது.

நேரம் என்றதும் என் பங்கையும் சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைகள் தூங்கின பிறகு எடிட்டிங் முடித்து, ராத்திரி பத்தரை மணிக்கு வெளியிடுவதுதான் என் பழக்கம். யூடியூப் செயலியில் இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை சத்தமும் அதிர்வும் இல்லாமல் அறிவிப்பு வரும்படி ஓர் ஏற்பாடு உண்டு. பலருடைய போனில் அது அப்படியே விடப்பட்டிருக்கும். அந்த 720 பேரிலும் பெரும்பகுதிக்கு என் பாடம் சத்தமில்லாமல் வந்து, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விட்டது. நாள் முழுவதும் வந்த அறிவிப்புகளைச் சேர்த்து ஒரே முறையாகக் காட்டும் தினத்தொகுப்பை இயக்கியவர்களுக்கு, நான் எப்போது போட்டாலும் அவர்கள் குறித்த நேரத்தில்தான் தெரியும்.

முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின மாலை நடந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. திருப்புதலை ஐந்து சிறு வீடியோக்களாக வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். ஒரு சேனல் 24 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் மூன்று புதிய வீடியோ அல்லது நேரலைக்குத்தான் சப்ஸ்கிரைபர்களுக்கு அறிவிப்பு அனுப்ப முடியும். அதைப் படிக்காமலே இருந்துவிட்டேன். அலகு வரிசைப்படி போட்டதால் முதல் மூன்று எளிய அலகுகளுக்கு அறிவிப்பு போயிற்று. பிள்ளைகள் அதிகம் பயப்படும் இரண்டும் கடைசியில் வந்து அறிவிப்பில்லாமல் நின்றன.

முன்பெல்லாம் மின்னஞ்சல் என்று இன்னொரு வழி இருந்தது. 2020 ஆகஸ்டில் புதிய வீடியோக்களுக்கான அந்த மின்னஞ்சல்களை யூடியூப் நிறுத்தியது, அவற்றில் 0.1 சதவீதம்கூடத் திறக்கப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களுக்கு பெல் அறிவிப்பே கிடையாது. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் சேனல் நடத்தும் என் அண்ணி வருஷக்கணக்காக "பெல்ல அமுக்குங்க செல்லங்களா" என்று சொல்லி வந்தார். 2025-இல் யூடியூப் இன்னொன்றையும் சோதித்தது. `All` வைத்திருந்தாலும், சேனலின் வீடியோக்கள் பரிந்துரையில் வந்தும் வெகுநாளாகத் தொடாதவர்களுக்கு போன் அறிவிப்பை அனுப்பாமல், செயலிக்குள் உள்ள பட்டியலில் மட்டும் வைப்பது. வேண்டாத அறிவிப்புகள் பெருகினால் அந்த மாணவியின் அப்பா செய்தது போல மொத்தத்தையும் அணைத்துவிடுவார்கள், அப்போது எல்லாச் சேனல்களுக்கும் நஷ்டம் என்பது அதன் தர்க்கம்.

இப்போது வெளியிடுவது மாலை ஆறரைக்கு. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் இல்லை. கடினமான அலகு முதலில். பிழைத்திருத்தம் போன்ற சிறு வீடியோக்களுக்கு, ஏற்றும்போதே `Publish to subscriptions feed and notify subscribers` என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுகிறேன். ஒருமுறை டிக் இல்லாமல் வெளியிட்டுவிட்டால் பிறகு மனம் மாறி அதே வீடியோவுக்கு அறிவிப்பு அனுப்ப முடியாது என்பதால், இதை அரைத்தூக்கத்தில் செய்வதில்லை. தேர்வு வாரத்தில் பெல்லை நம்பாமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுட்டியைப் போட்டுவிடுகிறேன். அந்தக் குழுவையும் பாதிப் பேர் மியூட் செய்து வைத்திருக்கிறார்கள்.