பரிமாறல் அளவு என்னும் மாயக்கணக்கு

உணவுப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிடப்படும் ஊட்டச்சத்துப் பட்டியலை நாம் பெரும்பாலும் கலோரிக்காகவே பார்க்கிறோம். கரமனையில் வசிக்கும் என் தந்தைக்கு இரத்த அழுத்தம் கூடி, உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கூறிய பின்னர், எங்கள் வீட்டில் அப்பட்டியலின் ஒரே ஒரு வரி முக்கியமாயிற்று: சோடியம்.

அப்பா காலையில் மசாலா ஓட்ஸ் உண்பவர். "ஓட்ஸ்ல என்ன பெரிய உப்பு இருக்கப் போகுது மக்களே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான், வெறும் ஓட்ஸில் சோடியம் மிகச் சொற்பம். உப்பு வருவது மசாலாவின் வழியே. ஆகவே, அவர் வழக்கமாக வாங்கும் பொட்டலத்தையும் கடையில் அதனருகே இருந்த வேறொரு நிறுவனத்தின் பொட்டலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பட்டியலில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று, 100 கிராமில் உள்ள அளவு. மற்றொன்று, ஒரு பரிமாறல் அளவு அன்றாடத் தேவையில் எத்தனை விழுக்காடு என்பது. சோடியத்துக்கு அன்றாட அடிப்படை 2000 மில்லிகிராம். அதாவது ஏறத்தாழ 5 கிராம் உப்பு.

முதற்பொட்டலத்தில் ஒரு பரிமாறலுக்கு 17 விழுக்காடு, இரண்டாவதில் 18. இதோடு நிறுத்தியிருந்தால் முதலாவதே மேல் என்று தோன்றும். ஆனால் முதல் நிறுவனம் பரிமாறல் என்று கொண்டது 30 கிராம். மற்றது 40 கிராம். அவ்வளவை நிறுவனமே தீர்மானிக்கிறது. இரு வேறு படிகளால் அளந்த நெல்லை ஒப்பிடுவதைப் போன்றது இது. 100 கிராம் வரிசைக்குப் போனால் படி ஒன்றாகிறது: முதலாவதில் 1150 மில்லிகிராம், இரண்டாவதில் 900.

அடுத்த கேள்வி, அப்பா உண்மையில் எவ்வளவு உண்கிறார் என்பது. அவருடைய கிண்ணத்து ஓட்ஸைச் சமைக்கும் முன் சமையலறைத் தராசில் வைத்தோம். 45 கிராம். இரண்டு நிறுவனங்களும் சொல்லும் பரிமாறலைவிட அதிகம். 1150ஐ 45ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் ஏறக்குறைய 518 மில்லிகிராம், மற்றதில் 405. சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஆக, ஒன்றில் 1.3 கிராம் உப்பு, மற்றதில் 1 கிராம். முன்பு 17 என்று கண்டது இப்போது அன்றாட அளவில் 26 விழுக்காடு. 18 என்று கண்டது 20 விழுக்காடு. வரிசையே தலைகீழாகிவிட்டது. (தராசில் நிறுப்பது உலர்ந்த ஓட்ஸாகவே இருக்க வேண்டும்; பட்டியல் உலர்ந்த பொருளுக்கு உரியது, நீரில் வெந்த கஞ்சிக்கு அன்று.)

மூலப்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. ஆயினும் அங்கே 'உப்பு' எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பது போதாது. சமையல் சோடாவிலும் சுவைகூட்டியாகச் சேர்க்கும் மோனோசோடியம் குளுட்டமேட்டிலும் சோடியம் உண்டு. மலையாள நாட்டில் வாழ்வோருக்குப் பப்படத்தை உதாரணமாகச் சொன்னால் உடனே விளங்கும்: அதில் உப்போடு பப்படக்காரமும் சேர்கிறது, அக்காரமும் சோடியம் சேர்ந்த உப்பே. இவை அனைத்தின் கூட்டுத்தொகைதான் சோடியம் வரியில் இருக்கிறது. எனவே அவ்வரியே நம்பத்தக்கது.

பொட்டலத்தின் முன்பக்கத்து வாசகங்களில் 'குறைந்த சோடியம்' என்பதற்குத் திட்டமான எல்லை உண்டு: திடப்பொருளில் 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. எங்கள் இரு பொட்டலங்களும் அதன் அருகில்கூட வரவில்லை; இரண்டும் 'இதயத்துக்கு இதம்' என்ற தொனியில்தான் பேசின. வேறு சில பொருள்களில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துச் சோடிய எண்ணைக் குறைப்பார்கள். சிறுநீரக நோயுள்ளோருக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் அது ஆபத்தாகலாம். மூலப்பொருள் பட்டியலில் அப்பெயரைக் கண்டால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கலாகாது.

இரண்டாவது பொட்டலத்தை எடுத்தபோது அப்பா, "அப்போ வெறும் ஓட்ஸ் வாங்கி நானே உப்புப் போட்டுக்கிட்டா?" என்றார். அதையும் அளந்தோம். அவர் கை போகும் கால் தேக்கரண்டியில் ஏறத்தாழ 1.5 கிராம் உப்பு. சோடியம் 600 மில்லிகிராமுக்குச் சற்றே குறைவு. மசாலா ஓட்ஸ் இரண்டையும் அது மிஞ்சிவிட்டது. இப்போது வெறும் ஓட்ஸில் அதன் பாதியளவு உப்பும், மிளகும், கொஞ்சம் எலுமிச்சைச் சாறும். முதல் வாரம் முழுவதும் சப்பென்று இருக்கிறது என்று முறையிட்டார். இரண்டாம் வாரத்தில் எலுமிச்சை கூடுதல் என்றார்.