ஓரம் பிரிந்ததையும் போடுங்கள்

பவானியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், தன் ஜமக்காள விலைப்பட்டியலைப் புதிதாக அச்சடிக்க இருந்தது. அதில் 'வாடிக்கையாளர் சொல்கிறார்கள்' என்ற பக்கத்தைச் சீர்செய்து தரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். பழைய பக்கத்தில் பன்னிரண்டு பேர் பேசியிருந்தார்கள். பெயர்களைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தேன். பன்னிரண்டும் ஒரே ஆள் பேசியது போல இருந்தது. 'தரமான தயாரிப்பு', 'நீடித்து உழைக்கிறது', 'அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்'. தண்ணீர் வடிகட்டி விற்கிறவரும் இவற்றை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

"இவங்க நிஜமாவே இப்படித்தான் பேசினாங்களா?" என்று கேட்டேன். சங்க எழுத்தர் தயங்கிவிட்டு, தன் கைப்பேசியில் இருந்த குரல் பதிவுகளைப் போட்டுக் காட்டினார். கோபிப் பக்கத்துத் திருமண மண்டப மேலாளர் ஒருவர் பேசியிருந்தார்:

"எட்டு வாங்கினோம், மூணு வருஷம் ஆச்சு. ரெண்டுல ஓரம் பிரிஞ்சுடுச்சு, நடு அப்படியே இருக்குது. இதுக்கு முன்ன வாங்கின விசைத்தறி ஜமக்காளம் ஒரே முகூர்த்த சீசன்ல மெலிஞ்சு போச்சுங்க. இது கனம், மடிக்க ரெண்டு ஆள் வேணும்."

இது அச்சில் 'நீடித்து உழைக்கும் தரமான ஜமக்காளம்' என்று ஆகியிருந்தது. எட்டு, மூன்று வருடம், முன்பு வாங்கியது, ஓரம், கனம் என்று நம்பத் தகுந்ததெல்லாம் போய்விட்டது. எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. அச்சுக்குப் போகிறது என்றால் எழுத்து நடைக்கு மாற்ற வேண்டும், குறையை எடுத்துவிட வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"ஓரம் பிரிஞ்சதைப் போடலாங்களா சார்?" என்று கேட்டார். போட வேண்டும் என்றேன். ஆனால் ஏன் பிரிந்தது என்று தெரியாமல் போடக்கூடாது. இருவரும் தறிக்கூடத்துக்குப் போனோம்.

அங்கே குழித்தறியில் ஒரு பெரியவர் பட்டை பட்டையாக நிறம் மாற்றி நெய்துகொண்டிருந்தார். ஜமக்காளத்தில் ஊடை நூல் பாவை முழுதாக மூடிவிடும். நாம் கண்ணால் பார்க்கும் சிவப்பும் பச்சையும் ஊடையின் நிறம்தான். அவர் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிக் காட்டினார். ஊடை திரும்புகிற இடம் அது. "ஓரத்தைப் புடிச்சுத் தரையில இழுத்திருப்பாங்க தம்பி. கனமான சாமான், ஒரே ஆளு இழுத்தா அத்தனை பாரமும் அந்த ஓரத்து நூல் மேலதான் விழும்."

மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஆள் குறைவான நாட்களில் பையன்கள் தனியாக இழுத்துத்தான் ஓரம் கட்டுவார்களாம். ஆகவே அவர் பேச்சை முழுதாகவே போட்டு, கீழே 'இருவராகத் தூக்கி மடிக்கவும்' என்று சங்கத்தின் குறிப்பை ஒரு வரியில் சேர்த்தோம்.

மற்றவர்களையும் ஒவ்வொருவராக அழைத்தோம். எழுத்தர் முதலில் "ஜமக்காளம் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்குது" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. கேள்வியை மாற்றச் சொன்னேன்: "கடைசியா எப்போ விரிச்சீங்க, எதுக்கு?" ஒரு அம்மா உடனே, பேத்தியின் காதுகுத்துக்கு விரித்ததையும், அதில் பாயசம் கொட்டியதையும், அலசிக் காயப்போட்டதையும் சொன்னார். "சாயம் போகலைங்க. மொத தண்ணியில மட்டும் செகப்பு கொஞ்சம் எறங்குச்சு."

எழுத்தர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். வெட்டலாம், சேர்க்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். வெட்டுவதாலேயே பொய்யாகிவிடும் இடமும் உண்டு. அந்த இரண்டாம் வாக்கியத்தை எடுத்துவிட்டால், அதை நம்பி வாங்கி முதல் அலசலில் சிவப்புத் தண்ணீரைப் பார்ப்பவர் சங்கத்தையே சந்தேகப்படுவார். பாயசத்தைச் சுருக்கினோம், சாயத்தைத் தொடவில்லை. 'மொத', 'செகப்பு' என்ற அவருடைய உச்சரிப்பையும் திருத்தவில்லை.

வெட்டிய வடிவத்தை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினோம். மேலாளர் பெயர் வேண்டாம் என்றார். வேலையும் ஊரும் மட்டும் போட்டோம். ஒவ்வொன்றின் கீழும் வாங்கிய ஆண்டையும் பேசிய மாதத்தையும் குறித்தோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாகவும் ஓரளவு அண்மைக் காலத்ததாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. தேதி இல்லாத பாராட்டைப் படிப்பவர் அதை எப்படித் தெரிந்துகொள்வார்?

நான்கு பேரின் எண்கள் இப்போது உபயோகத்தில் இல்லை. மூவருக்கு வாங்கியதைத் தவிர வேறு எதுவும் நினைவில்லை. அந்த ஏழையும் எடுத்துவிட்டோம். பக்கத்தில் இப்போது ஐந்து பேர்தான் பேசுகிறார்கள்.

உங்கள் வீட்டில் பவானி ஜமக்காளம் இருந்து, சங்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டால், "நல்லா இருக்கு" என்று வைத்துவிடாதீர்கள். எதற்கு விரித்தீர்கள், எங்கே நைந்தது என்று சொல்லுங்கள்.