பூஜ்யமா, ஓ-வா: பாஸ்போர்ட்டின் இரண்டாம் வரி

பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் அச்சிட்டிருக்கும், வரிக்கு 44 குறிகள். இரண்டாம் வரியின் முதல் 9 இடங்கள் பாஸ்போர்ட் எண்; பத்தாவது இடம் அந்த எண்ணிலிருந்தே கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். படத்திலிருந்து இந்த வரியைப் பிரித்தெடுக்கும் வேலையில் `0`, `O` குழப்பம் வந்தால், கணக்கு ஒத்துவரும் வாசிப்பைச் சரியென்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். சரிபார்ப்பு இலக்கம் ஒரு வாசிப்பைத் தவறென்று தள்ளிவிட முடியும். சரியென்று நிரூபிக்க முடியாது.

கணக்கைத் தொடுவதற்கு முன்பே இடம் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். பிறந்த தேதியில் எழுத்து வராது, நாட்டுக் குறியீட்டில் இலக்கம் வராது. இந்திய பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. முதல் இடத்துக்குப் பிறகு `O` தெரிந்தால் அது பூஜ்யம்தான். ஜெர்மானிய எண்களில் ஆங்கில உயிரெழுத்துகளே கிடையாது, அங்கே `O`-வுக்கு இடமில்லை. நாட்டுக் குறியீட்டைப் பொறுத்தவரை இட விதி மட்டும்தான் துணை, ஏனென்றால் எந்தச் சரிபார்ப்பு இலக்கமும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எழுத்தும் இலக்கமும் எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய எண்களில்தான் கணக்கு தேவைப்படுகிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆவணத்தில் உள்ள மாதிரி எண்ணையே எடுத்துக்கொள்வோம்: `L898902C3`, சரிபார்ப்பு இலக்கம் 6. `A` 10-இல் தொடங்கி `Z` 35 வரை எழுத்துகளுக்கு மதிப்பு. இலக்கங்களுக்கு அவற்றின் மதிப்பே. இடமிருந்து 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கி, கூட்டி, 10-ஆல் வகுத்தால் மிஞ்சுவதுதான் சரிபார்ப்பு இலக்கம்.

```
L   8  9  8  9  0  2  C  3
147+24+9+56+27+0+14+36+3 = 316
```

மீதி 6, பொருந்துகிறது. ஆறாம் இடத்துப் பூஜ்யத்தை `O` என்று படித்தால் 24 கூடி 340 ஆகும், மீதி 0. உடனே பிடிபடுகிறது. அதனால் கணக்கை முழுக்க நம்பத் தோன்றும். ஆனால் அச்சு மங்கிய பக்கத்தில் ஒரு குறி மட்டும் குழம்புவது அபூர்வம். ஒரு `8` `B` போலத் தெரிந்தால் பக்கத்திலிருக்கும் மற்ற `8`-ம் அப்படித்தான் தெரியும். இரண்டையும் `B` என்று படித்தால் கூட்டல் 9-ம் 21-ம் சேர்ந்து 30 உயர்ந்து 346 ஆகிறது. மீதி மறுபடியும் 6. `LB9B902C3` என்ற தவறான எண் எந்தத் தடையும் இல்லாமல் தேறிவிடுகிறது.

இரண்டு `8`, ஒரு `0`, ஒரு `2` ஆகிய நான்கும் சந்தேகம் என்று வைத்துக்கொண்டால் 16 வாசிப்புகள் கிடைக்கும். அவற்றில் மூன்று தேறுகின்றன: சரியான எண், `LB9B902C3`, `LB9890ZC3`. கவனித்துப் பாருங்கள், மூன்றிலும் ஆறாம் இடம் பூஜ்யமே. முழு எண் தீர்மானமாகவில்லை. பூஜ்யம் தீர்மானமாகிவிட்டது, அதுவும் சந்தேகப் பட்டியல் முழுமையாக இருந்தால்தான். ஆகவே தேறும் முதல் வாசிப்போடு நிற்காமல், தேறுபவை அனைத்தையும் அடுக்கி, எந்த இடங்களில் அவை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதே முறை. ஒத்துப்போகும் குறியை ஏற்கலாம், மற்றதைத் திறந்தே வைக்க வேண்டும்.

இந்த வரிகளுக்கான ஓசிஆர்-பி எழுத்துருவே `0`-ஐ ஒடுக்கமாகவும் `O`-வை அகலமாகவும் வரைகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நேராக வைத்து ஸ்கேன் செய்தால் அந்த வேறுபாடு போதும். கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தில் அகலம்தான் முதலில் கெடுகிறது. வரியின் கடைசியில் வரியின் பெரும்பகுதிக்கும் சேர்த்து இன்னொரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம், இது கனமானது. ஆனால் அந்தக் கணக்கும் பாஸ்போர்ட் எண்ணில்தான் தொடங்குகிறது, அதே 7, 3, 1 வரிசையில். முதல் கணக்கிடம் தப்பிய பிழை இதனிடமும் தப்பும்.

இதைவிட ஆழமான குருட்டுப்புள்ளி ஒன்று உண்டு. `G`-யின் மதிப்பு 16, `6`-இன் மதிப்பு 6. வித்தியாசம் சரியாகப் பத்து. எந்த இடத்தில் இருந்தாலும், எதால் பெருக்கினாலும் மீதி மாறாது. ஜெர்மானிய எண்களில் இரண்டுமே வரும். இந்த ஜோடியில் எது என்று கணக்கால் ஒருபோதும் சொல்ல முடியாது. அந்த இடங்களை நிரல் தானாகத் திருத்தவே கூடாது. அதே பக்கத்தின் மேற்பகுதியில் வேறு எழுத்துருவில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருந்து அதில் சிப்பும் இருந்தால், எண்ணும் பிறந்த தேதியும் காலாவதி தேதியும் சேர்ந்தே அதற்குத் திறவுகோலாகின்றன. `6` இருக்க வேண்டிய இடத்தில் `G` கொடுத்தால் சிப் திறக்காது.