நோ மாறிவிட்டது, காயம் மாறவில்லை

பத்திரிகைத் துறையில் இருந்த காலத்தில் நான் பலமுறை எழுதிய வசனம் ஒன்று உண்டு. "உபாதையிலிருந்து பூரண குணமடைந்துள்ள அவர், நாளைய போட்டியில் களமிறங்குவார்." குணமடைந்ததை யார், எதனை வைத்துத் தீர்மானித்தார்கள் என்று ஒருபோதும் நான் கேட்டதில்லை. கழகச் செயலாளர் சொல்வார், நான் எழுதுவேன். அந்த வசனத்தின் பொருள் என் தங்கையின் மகன் மூன்றாவது தடவையும் மைதானத்திலிருந்து தாங்கிக்கொண்டு வரப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அவன் எங்கள் ஊர்க் கழகத்தின் வலது பக்க முன்கள வீரன். முதல் தடவை, ஓடிக்கொண்டே பந்தைக் கோல் வாயிலை நோக்கி உயர்த்தி அடித்த வேளையில், வலது தொடையின் உட்புறத்தில், கவட்டுக்குச் சற்றுக் கீழே, ஏதோ சுண்டி இழுத்தது போலிருந்தது என்றான். பனிக்கட்டி வைத்தார்கள். பின்னர் எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தார்கள். இரண்டு வாரம் படுத்திருந்தான். "மாமா, இப்ப நோ இல்லை. ஓடியும் பாத்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனவன், ஒன்பதாம் நாள் அதே இடத்தைப் பிடித்தபடி அமர்ந்துவிட்டான். அடுத்து மூன்று வார ஓய்வு. மறுபடியும் அதே கதை.

உட்தொடைத் தசைகளின் வேலை, கால்களை ஒன்றையொன்று நோக்கி உள்ளே இழுப்பது. அவற்றுள் உதைபந்தாட்ட வீரர்களை அதிகம் வருத்துவது அடக்டர் லோங்கஸ் என்னும் நீண்ட தசை. இடுப்பின் முன்புறத்திலுள்ள பூப்பென்பில் ஒரு சிறிய தசைநாணாகத் தொடங்கித் தொடை எலும்பின் நடுப்பகுதி வரை அது இறங்குகிறது. பந்தை உதைப்பதற்காகக் காலைப் பின்னுக்கும் வெளிப்புறமாகவும் வீசும்போது இத்தசை இழுபட்டு நீள்கிறது. கால் முன்னோக்கித் திரும்பும் அந்தக் கணத்தில், நீண்ட நிலையிலேயே அது பலத்தோடு சுருங்கவும் வேண்டியிருக்கிறது. வேகமாக ஓடிச் சட்டென்று திசை திரும்பும்போதும் இதுவே நிகழ்கிறது. தசை கிழிவது பெரும்பாலும் இத்தகைய தருணங்களில்தான்.

அப்படியாயின் காயம் ஏன் திரும்பி வருகிறது? என் மருமகனைப் பார்த்த இயன்மருத்துவர் அதனை எளிதாக விளக்கினார். அவனை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை நீட்டச் சொன்னார். இரண்டு கணுக்கால்களுக்கும் இடையில் தமது முன்கையை வைத்து, ஐந்து விநாடிகள் முழுப் பலத்துடன் நெரிக்கும்படி கூறினார். பின்னர், "கவட்டில் எவ்வளவு நோ? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் நோவே இல்லை என்றவன், முகத்தைச் சுளித்துக்கொண்டு "ஏழு" என்றான். இரண்டுக்குள் என்றால் விளையாடலாம், மூன்று முதல் ஐந்து வரை அவதானம் தேவை, ஆறும் அதற்கு மேலும் என்றால் நிறுத்த வேண்டும் என்பது இச்சோதனையின் அளவுகோல்.

சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஓய்வெடுத்தால் நோ தணிகிறது, ஆனால் பலம் திரும்புவதில்லை. படுத்திருந்த நாட்களில் அது இன்னும் குறைகிறது. நேராக ஓடுவதற்கு உட்தொடைக்கு அதிக பலம் வேண்டியதில்லை, ஆகவே ஓடிப் பார்த்து நோ இல்லை என்று வீரன் நம்பிவிடுகிறான். முழு வேகத்தில் உதைக்கும் முதல் சந்தர்ப்பத்திலேயே பலம் குறைந்த தசை மீண்டும் கிழிகிறது. முன்னர் ஒருமுறை கவட்டில் காயப்பட்டவருக்கு மீண்டும் காயப்படும் ஆபத்து ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என டென்மார்க் வீரர்களிடையே நடந்த ஆய்வொன்று காட்டியது.

அதே டென்மார்க்கில் பெர் ஹோல்மிக் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வு, நம்மூர் வழக்கங்களைக் கேள்விக்குட்படுத்துகிறது. நெடுநாள் கவட்டு நோவுடன் இருந்த விளையாட்டு வீரர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தசை நீவுதல், நீட்டற் பயிற்சி, மின் சிகிச்சை போன்றவை. மற்றப் பிரிவுக்குத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. முடிவில், பயிற்சி செய்த 29 பேரில் 23 பேர் நோவின்றிப் பழைய நிலைக்கு விளையாடத் திரும்பினர். மற்றப் பிரிவின் 30 பேரில் அவ்வாறு திரும்பியோர் நால்வர் மட்டுமே.

அந்தப் பயிற்சியின் தொடக்கம் மிகவும் எளிது. மல்லாக்கப் படுத்துக் கால்களை நீட்டிப் பாதங்களுக்கிடையில் ஒரு உதைபந்தை வைத்து 30 விநாடிகள் நெரிக்க வேண்டும். இவ்வாறு பத்து முறை. பின்னர் முழங்காலை மடித்து, பந்தை முழங்கால்களுக்கிடையில் வைத்து அதேபோல் பத்து முறை. இரண்டு வாரங்களின் பின்னரே கடினமானவற்றுக்குப் போகிறார்கள். முழுத் திட்டமும் 8 முதல் 12 வாரங்கள் எடுக்கும். ஆனால் இது நாட்பட்ட நோவுக்கு உரியது. தசை புதிதாகக் கிழிந்த முதல் சில நாட்களில் இப்படி நெரிப்பது கூடாது.

காயம் வராமற் தடுப்பதற்கு இன்று பெரிதும் பேசப்படுவது கோபன்ஹேகன் பயிற்சி. இதற்குக் கருவி வேண்டாம், ஒரு தோழன் போதும். வீரன் பக்கவாட்டில் படுத்து, கீழ்ப்பக்க முழங்கையை ஊன்றிக்கொள்கிறான். தோழன் நின்றபடி வீரனின் மேற்காலைத் தன் இடுப்பளவு உயரத்தில், ஒரு கையால் கணுக்காலிலும் மறு கையால் முழங்காலிலும் தாங்குகிறான். வீரன் மூன்று விநாடிகளில் உடலை நேர்கோடாக உயர்த்தி, கீழ்க்காலை மேற்காலோடு சேர்க்கிறான். பின்னர் மூன்று விநாடிகளில் மெதுவாக இறங்குகிறான். உடல் பாரத்தைத் தாங்குவது மேற்காலின் உட்தொடை. இறங்கும்போது அது நீண்டபடியே பாரத்தைச் சுமக்கிறது. உதைக்கும்போது அது செய்ய வேண்டிய வேலையும் அதுவே. இது கடினமாக இருந்தால் தோழன் முழங்காலில் மாத்திரம் தாங்கலாம். அதுவும் முடியாவிட்டால், தோழன் இல்லாமல் பக்கவாட்டில் படுத்துக் கீழ்க்காலை மட்டும் உயர்த்தி இறக்கலாம்.

2019 இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், 35 அணிகளின் வீரர்கள் பங்கேற்றனர். பயிற்சி பெற்ற அணிகள் பருவகாலத்துக்கு முன் வாரம் மூன்று நாளும், பருவகாலத்தில் வாரம் ஒரு நாளும் இதனைச் செய்தன. அவ்வணிகளில் கவட்டுப் பிரச்சினைகளின் ஆபத்து 41 வீதத்தால் குறைந்திருந்தது. குறைந்ததே தவிர, இல்லாமற் போகவில்லை. தொடங்கிய முதல் வாரங்களில் உட்தொடை உளையும், எனவே போட்டிக்கு முதல் நாள் இதனை ஆரம்பிக்கக் கூடாது.

கவட்டு நோ எல்லாம் தசையிலிருந்து வருவதுமில்லை. இருமும்போது வீக்கம் தெரிந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். இடுப்பு மூட்டு இறுகினாலோ, இரவிலும் ஓய்விலும் நோ நிற்காவிட்டாலோ, விதையில் திடீர் நோ கண்டாலோ பயிற்சியை நம்பியிராமல் வைத்தியரிடம் போக வேண்டும். விதை நோவாயின் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

என் மருமகன் ஆறு வாரம் போட்டிப் பக்கமே போகவில்லை. பந்தை நெரித்தான், பின்னர் மெதுவாக ஓடினான், அதன்பின் திசை திரும்பினான். முழுப் பலத்துடன் உதைத்தது கடைசியில்தான். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஐந்து விநாடிச் சோதனை நடந்தது. ஏழு நான்காகி, நான்கு ஒன்றாகியது. பதினோராம் வாரம் கழகத்தோடு முழுப் பயிற்சியில் இறங்கினான். இப்போதும் வாரம் ஒருமுறை எங்கள் வீட்டு விறாந்தையில் தம்பியைக் காலைப் பிடிக்கச் சொல்லி அவன் எழும்பி இறங்குவதைப் பார்க்கிறேன்.

இனி எவராவது ஒரு வீரர் பூரண குணமடைந்துவிட்டார் என்று என்னிடம் சொன்னால், பத்துக்கு எத்தனை என்று கேட்ட பின்னரே எழுதுவேன்.