ஆள் சரி, கண் சரியில்லை

டூப் நடிகரின் முகத்தில் கதாநாயகன் முகத்தைப் பொருத்தும் வேலை நடக்கும் ஒரு விஎஃப்எக்ஸ் கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே சோதனை பார்க்கும் பெண் 5 விநாடிக்குச் சற்று மேற்பட்ட ஷாட் ஒன்றை ஓடவிட்டார். "ஐடென்டிட்டி 0.68 சார். ஆள் அவரேதான்னு பாஸ் போட்டுட்டாங்க. நீங்க கண்ணை மட்டும் பாருங்க" என்றார்.

டூப் பைக்கின் பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கிறார். பொருத்திய முகமோ கேமராவைப் பார்த்தது.

ஐடென்டிட்டி மதிப்பெண் முகம் யாருடையது என்று மட்டுமே சொல்லும். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளை அடையாளம் காணத்தான் அந்த மாடலைப் பழக்கியிருக்கிறார்கள்; பார்வை அதன் கணக்கில் வராது. ஆகவே டூப்பின் மூல பிரேமையும் பொருத்திய பிரேமையும் ஜோடியாக வைத்து, தலைத் திருப்பம், பார்வை, முகபாவம் மூன்றையும் தனித்தனியே அளக்கிறார்கள்.

இந்த ஷாட்டில் தலைத் திருப்பத்தின் சராசரிப் பிழை 1.8 டிகிரி. அதில் குறையில்லை. பார்வைக்கு, இமை மூடிய பிரேம்களைக் கழித்தபின் 120 மிஞ்சின, சராசரி 4.9 டிகிரி. "இது அதிகமா?" என்றேன். பதில் சொல்லாமல் அவர் டூப்பின் மூலக் காட்சியையே சற்று நகர்த்தி வெட்டி, மறுபடி சுருக்கிச் சேமித்து, மூலத்தோடு ஒப்பிட்டார். முகமே மாறாதபோதும் கருவி 1.2 டிகிரி வித்தியாசம் காட்டியது. அதற்குக் கீழே எதையும் நம்ப முடியாது.

பிறகு பிரேம்வாரியாகப் பிரித்தார். 96 பிரேம்களில் சராசரி 2.6, கண்ணாடியைப் பார்க்கும் 24 பிரேம்களில் மட்டும் 14.1. சராசரி அந்த ஒரு விநாடியை விழுங்கியிருந்தது. பொருத்தக் கொடுத்த கதாநாயகன் படங்கள் எல்லாமே நேராகப் பார்ப்பவை; கண் ஓரத்துக்குப் போகும்போது மாடல் அதை நடுவுக்கு இழுத்திருக்கிறது.

முகபாவம்தான் சிக்கல். முப்பரிமாண முக மாதிரியின் பாவக் குணகங்களைக் கழித்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் இயல்பிலேயே அகன்ற வாய் உள்ளவர் சும்மா இருந்தாலும் கருவிக்குக் கொஞ்சம் சிரிப்பதாகத் தெரியும். அதனால் அவரவர் சாதாரண முகத்திலிருந்து எவ்வளவு மாறியது என்பதை ஒப்பிடுகிறார்கள். அப்படியும் முழு நம்பிக்கை வராது, எனக்கும் வரவில்லை.

டூப் முகத்தை மாற்றாமலே விட்டால் இந்த மூன்று பிழைகளும் பூஜ்யம்! எனவே ஐடென்டிட்டியைப் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். ஃபேஸ்ஃபோரென்சிக்ஸ்++ காட்சிகளில் ஃபேஸ்ஷிஃப்டர் என்ற முகமாற்று மாடலுக்கு ஆளைக் கண்டறியும் மதிப்பு 97.38, தலைத் திருப்பப் பிழை 2.96, 2020இல் வந்த சிம்ஸ்வாப்புக்கு 92.83, 1.53. ஒன்றில் தரம் ஏறினால் மற்றதில் இறங்குகிறது.

பக்கவாட்டில் பார்க்கும் படங்களைச் சேர்த்து ஷாட்டை மறுபடி செய்தார்கள். அந்த 24 பிரேம்களில் பார்வைப் பிழை 5.3 டிகிரிக்கு வந்தது, ஐடென்டிட்டி 0.64 ஆனது. இந்த இரண்டாவது ஷாட்டைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.