முதல் சிநேகிதி எந்தப் பக்கத்தில் வருகிறாள்?

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாப்பாட்டுப் பையோடு நூலக வாசலில் வந்து நின்றாள். "மிஸ், இங்க இருந்து சாப்பிடலாமா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு வங்கியில் மாற்றல், நாகர்கோவிலிலிருந்து கோவைக்கு வந்த குடும்பம். பதினெட்டு வருடமாகப் பள்ளி நூலகத்தில் இருக்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் என்னிடம் வருவார்கள். வகுப்பில் உட்காரும் இடத்தை டீச்சர் காட்டிவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் அப்படிக் காட்ட ஆள் கிடையாது. யார் பக்கத்தில் உட்காருவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும். ஊர் மாறி வந்த குழந்தைக்கு ஒரு நாளின் கடினமான அரை மணி நேரம் அதுதான்.

அவளுக்கு நான் முதலில் கொடுத்த புத்தகம் தப்பான புத்தகம். எலினார் எஸ்டெஸ் 1944இல் எழுதிய 'தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்'. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றிருந்த கதை என்பதால் பலருக்குத் தெரிந்திருக்கும். வாண்டா என்ற ஏழைப் பெண் தினமும் ஒரே நீலச் சட்டையில் பள்ளிக்கு வருகிறாள். வீட்டில் நூறு உடுப்புகள் வரிசையாக இருப்பதாகச் சொல்கிறாள். மற்ற பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். அந்த நூறு உடுப்புகளும் அவள் கையால் வரைந்த படங்கள் என்பது தெரியவரும்போது அவள் குடும்பம் ஊரைவிட்டே போயிருக்கும். புது ஊர், கேலி, தனிமை எல்லாம் இதில் இருக்கிறதே, இந்தப் பெண்ணுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "ஏங் கண்ணு, பிடிக்கலையா?" என்றேன். "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் திரும்பி வரல மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னது சரி. அந்தக் கதை வாண்டாவின் கதையே அல்ல, மேடியின் கதை. கேலி நடக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள் மேடி. அவளும் ஏழைதான். தோழி போட்டுக் கழித்த உடுப்புகளை உடுத்துபவள். வாயைத் திறந்தால் அடுத்த கேலி தன் மேல் திரும்பும் என்று பயந்து பேசாமல் நின்றாள். அந்த மௌனம் அவளை உறுத்துவதுதான் புத்தகத்தின் உயிர். ஆகவே அது புதியவளை வரவேற்க வேண்டிய வகுப்பு படிக்க வேண்டிய புத்தகம். புதிதாக வந்தவளிடம் கொடுத்தால், 'உனக்கும் இப்படித்தான் ஆகும், நீயும் ஒருநாள் போய்விடுவாய்' என்று சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு இந்தப் புத்தகத்தை வகுப்பு ஆசிரியரிடம்தான் கொடுக்கிறேன், பள்ளி திறப்பதற்கு முன்பே.

அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஊர் மாறும் குழந்தையைப் பற்றிய புத்தகம் எது கையில் கிடைத்தாலும், முதல் நட்பு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று தேடிப் பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் குழந்தை என்ன செய்கிறது என்பதைக் கவனிப்பேன். நல்ல மனசுள்ள ஒரு பிள்ளை தானாக வந்து கைகோத்துக்கொள்வதாக இருந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். படிக்கும் குழந்தை அப்படி ஒருத்தி வருவாள் என்று காத்திருந்து ஏமாந்துபோகும். கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தோ, கிணற்றில் விழுந்தவனைக் காப்பாற்றியோ நட்பு கிடைப்பதாக இருந்தாலும் வேண்டாம். அதை நாளைக்குக் காலையில் எந்தக் குழந்தையாலும் செய்ய முடியாது. நாளைக்கே செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒவ்வொரு முறையும் தேறிவரும் புத்தகம் டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்'. ஜப்பானில் 1981இல் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. மாற்றுக் கல்விக்கான புத்தகமாகத்தான் ஆசிரியர்கள் இதைக் கொண்டாடுவார்கள். நான் இதைப் பள்ளி மாறிய குழந்தையின் புத்தகமாகவே பார்க்கிறேன். டோட்டோ-சான் முதல் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு நீக்கப்பட்டவள். அந்த விஷயத்தை அவளுடைய அம்மா அப்போது அவளிடம் சொல்லவில்லை, இருபது வயதுக்குப் பிறகுதான் சொன்னார். புதுப் பள்ளிக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போகிறார். அங்கே தலைமை ஆசிரியர் கோபயாஷி, அவள் பேசப் பேச, சொல்வதற்கு இனி எதுவும் இல்லை என்று ஆகும்வரை கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்.

நட்பு தொடங்கும் இடங்களைப் பாருங்கள். யமமோட்டோ யாசுவாக்கி என்ற பையன் காலை இழுத்து இழுத்து நடக்கிறான். ஏன் அப்படி நடக்கிறாய் என்று டோட்டோ-சான் நேராகக் கேட்கிறாள். போலியோ என்று அவனும் சாதாரணமாகச் சொல்கிறான். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறி விளையாட ஒரு மரம் உண்டு. விடுமுறையில் ஒருநாள் தன் மரத்துக்கு அவனை விருந்தாளியாக அழைக்கிறாள். ஏணியைக் கொண்டுவந்து சாத்துகிறாள், அவனால் ஏற முடியவில்லை. பின்னாலிருந்து தள்ளிப் பார்க்கிறாள், அதுவும் நடக்கவில்லை. பிறகு தானாக நிற்கும் படி ஏணியைத் தேடி இழுத்துவருகிறாள். கடைசியில் அவள் மரக்கிளையில் இருந்துகொண்டு அவன் கையைப் பிடித்து வியர்க்க வியர்க்க மேலே இழுக்கிறாள். அது பெரிய வீரமாக எழுதப்படவில்லை. தன்னிடம் இருக்கும் ஒன்றுக்கு இன்னொருவரைக் கூப்பிடுவது, ஒரு வழி சரிப்படாவிட்டால் இன்னொரு வழி பார்ப்பது, அவ்வளவுதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது புரியும், செய்யவும் முடியும்.

நாகர்கோவில் சிறுமிக்கு உதவியது அந்த மரம்கூட அல்ல, சாப்பாட்டுப் பகுதி. டோட்டோ-சானின் பள்ளியில் எல்லோருடைய டப்பாவிலும் கடலிலிருந்து ஒன்று, மலையிலிருந்து ஒன்று இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருப்பார். தினமும் வந்து டப்பாக்களைப் பார்ப்பார். ஏதாவது ஒன்று குறைந்தால், இரண்டு பாத்திரங்களோடு கூட வரும் அவர் மனைவி அதிலிருந்து எடுத்துப் போடுவார். நூலகத்தில் அவள் சாப்பிடும்போது அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்தேன். "அப்போ மீன் கடல். காய் மலையா மிஸ்?" என்றாள். "மண்ணில் விளையறது எல்லாமே மலைக் கணக்குதான்" என்றேன். டப்பாவைப் பார்த்தாள். நேந்திரங்காய் சிப்ஸ் இருந்தது. மலை ஆயிற்று. நெத்திலிக் கருவாடும் இருந்தது. கடல் ஆயிற்று.

எங்கள் நூலகத்தில் டோட்டோ-சான் இரண்டு பிரதி உண்டு. ஒன்றை அவளிடமும், இன்னொன்றை அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடமும் கொடுத்தேன். ஏன் என்று இருவருக்கும் சொல்லவில்லை. இது நான் எப்போதும் செய்வது. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் ஒரே வாரத்தில் படித்தால் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும், யார் யாரிடம் முதலில் போவது என்ற கூச்சம் பாதியாகக் குறையும். அடுத்த வாரம் அவள் நூலகத்துக்குச் சாப்பிட வரவில்லை. வராந்தாவில் நான்கு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து கடல், மலை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவள், "நான் வெளம்புறேன்" என்று சிப்ஸ் பொட்டலத்தை எடுத்தாள். பரிமாறுவதை அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். முதல் வாரம் இவள் பேச்சைக் கேட்டுச் சிரித்த அதே பிள்ளைகள், "எனக்கும் வெளம்பு" என்று கையை நீட்டினார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு சீக்கிரம் நடக்காது. மெதுவாகப் பழகும் பிள்ளைக்கு நான் கேட் டிகமிலோவின் 'பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி'யை எடுப்பேன். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க நாவல். பத்து வயது ஓபல், பாதிரியாரான அப்பாவோடு ஃபுளோரிடாவில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவருகிறாள். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தெருநாயைத் தன்னுடையது என்று சொல்லிக் காப்பாற்றுகிறாள். அந்த ஊரில் அவளோடு முதலில் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள்: வயதான நூலகர், செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்பவர், கண் சரியாகத் தெரியாத ஒரு மூதாட்டி. எப்போதும் கடுகடு முகத்தோடு இருக்கும் அமாண்டாவும், வம்பிழுக்கும் இரண்டு பையன்களும் கடைசி அத்தியாயங்களில் நடக்கும் விருந்துக்குத்தான் வருகிறார்கள். அமாண்டாவின் தம்பி தண்ணீரில் மூழ்கி இறந்தவன் என்று தெரிந்த பிறகே அந்தக் கடுகடுப்பு ஓபலுக்குப் புரிகிறது. நட்பின் கணக்கு உண்மையில் இப்படித்தான் நகரும். வாட்ச்மேன் தாத்தாவோடோ நூலக மிஸ்ஸோடோ முதலில் பேசும் பிள்ளையைப் பார்த்து, "உன் வயசுப் பிள்ளைகளோட போய் விளையாடு" என்று விரட்ட வேண்டாம். அந்தப் பிள்ளை ஊருக்குள் வருவதற்கு ஒரு வாசலைக் கண்டுபிடித்திருக்கிறது.

கொடுக்கும் விதமும் முக்கியம். "இது உனக்காகவே எழுதின புத்தகம்" என்று சொன்னால் பிள்ளை அதைத் திறக்காது. தனக்கு ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நாமே வாசித்துக் காட்டி, சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டு மேசையில் வைத்துவிட வேண்டும். பிறகு, "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்காமல், "ஓபல் ஏன் அமாண்டாவைக் கண்டா ஒதுங்குறா?" என்று கேளுங்கள். ஓபலைப் பற்றிச் சொல்வதுபோலவே தன்னைப் பற்றிச் சொல்லிவிடும். புத்தகம் திரும்பி வரும்போது அடையாளத் தாள் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று நான் பார்ப்பேன். இரண்டு வாரமாக அதே பக்கத்தில் இருந்தால் புத்தகத்தை மாற்றிவிடுவேன், வற்புறுத்த மாட்டேன்.

புத்தகத்தால் ஆகாத இடமும் உண்டு. காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, தொலைந்துகொண்டே இருக்கும் பென்சில் பெட்டி, தொடாமல் திரும்பி வரும் சாப்பாடு, இவை தொடர்ந்தால் யாரோ அந்தப் பிள்ளையைத் துன்புறுத்திக்கொண்டிருக்கக்கூடும். அப்போது கதை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே வகுப்பு ஆசிரியரைப் பார்த்துப் பேச வேண்டும்.

இந்த ஜூனில் டிசி வாங்கி ஊர் மாறப்போகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பைக்கும் ஷூவுக்கும் செலவு செய்யும்போது 'டோட்டோ-சான்' இரண்டு பிரதி சேர்த்து வாங்குங்கள். ஒன்று உங்கள் பிள்ளைக்கு. இன்னொன்றை உங்கள் பிள்ளையின் கையாலேயே பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்குக் கடனாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தருவதற்காவது அந்தப் பிள்ளை ஒருநாள் வந்து பேசித்தான் ஆக வேண்டும்.