தாத்தாவின் சிலுவாரும் பச்சைக்கரை வேட்டியும்

போன மாசம் நம்ம கோயில் மண்டபத்துல மாட்டுறதுக்காக ஒரு படம் செஞ்சேன். ரெண்டு தடவை தப்பாப் போச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

பத்தாங் பெர்ஜுந்தாய்னு நாம இன்னும் சொல்ற இந்த ஊருக்கு 2007-லேயே பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாறிடுச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, தோட்டத்து லயத்துல இருந்த காலத்துல, இந்தக் கோயிலைப் பார்த்துக்கிட்டவர் அந்தத் தாத்தா. முழு உருவமா அவருக்கு இருக்கறது ஒரே படம்தான். இடது காலைப் படிமேல வச்சு, சட்டையை வெளியே விட்டு, சாம்பல் நிற சிலுவார் போட்டு நிக்கிறார். ஆயா சொன்னாங்க: “அவர் அந்தச் சிலுவாரை அன்னைக்கு ஒருநாள்தான் போட்டாருப்பா. சாமி முன்னால வேட்டியில இருக்கட்டும். ரெண்டு விரல் அகலம் பச்சைக்கரை.”

முதல்ல படத்துல சிலுவார் மேல வெள்ளையைத் தீட்டி, கீழே பச்சைக்கோடு இழுத்தேன். பார்த்தா பாவாடைக்கு ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருந்துச்சு. சிலுவார்ல ரெண்டு கால் தனித்தனி. வேட்டி ஒரே துணி. முட்டி மடங்கினா துணி அங்கே இறுகும், அங்கிருந்து மடிப்புகள் சாய்வா மற்றக் காலின் கணுக்கால் பக்கம் இறங்கும். தூக்கின கால் பக்கம் அடிவிளிம்பு மேலே ஏறும். கரை அந்த விளிம்போட ஒட்டின ஒண்ணு. மடிப்பு உள்ளே போற இடத்துல கரையும் மறைஞ்சு, அடுத்த மடிப்புல கொஞ்சம் ஏறியோ இறங்கியோ திரும்பத் தெரியணும். நான் இழுத்த கோடு எங்கேயும் அறுபடவே இல்லை. பொய்னு அதுவே காட்டிக் கொடுத்துடுச்சு.

அப்புறம்தான் புரிஞ்சுது, கரையை நாம வரையவே கூடாது, துணியையே வரைய விடணும். தாத்தா உயரத்துல இருக்கற பேரனை வேட்டி கட்ட வச்சு, அதே மாதிரி படிமேல இடது காலை வைக்கச் சொன்னேன். கேமராவைப் பழைய படத்துல இருந்த மாதிரியே இடுப்பு உயரத்துல வச்சேன். கிடைச்சது அரக்குக்கரை வேட்டி. பரவாயில்லை, நிறத்தை மாத்திக்கலாம்.

வெயில்தான் மாட்டிவிட்டுச்சு. பழைய படத்துல வெளிச்சம் இடப்பக்கம், நாங்க காலையில எடுத்ததுல வலப்பக்கம். சரின்னு படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டேன். படிமேல இருந்த காலும் மாறிப்போச்சு, அதை இழுத்துப் பிடிச்சுச் சரிபண்ணேன். வெட்டி, பொருத்தி, ஆயாகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “இது யாருப்பா? அவர் முனையை வலப்பக்கம்ல சொருகுவார்”னாங்க. படத்துல சொருகல் இடப்பக்கம் இருந்துச்சு. திருப்பினப்ப வெளிமுந்தியும் திரும்பிடுச்சு. எனக்குத் தெரியலை. அம்பது வருசம் கூட வாழ்ந்தவங்களுக்கு ஒரு பார்வையில தெரிஞ்சுடுச்சு.

மறுநாள் சாயங்காலம் வெயில் அந்தப் பக்கம் வந்ததும் திரும்ப எடுத்தோம். இந்தத் தடவை எதையும் திருப்பலை. போட்டோஷாப்ல வேட்டியை மட்டும் வெட்டித் தாத்தா இடுப்புல வச்சேன். சட்டை வெளியே தொங்கினதால இடுப்புச் சுருட்டு அதுக்குள்ளே மறைஞ்சுது. உள்ளே சொருகின சட்டையா இருந்திருந்தா அதுவே தனி வேலை. தூக்கின கால் பக்கம் விளிம்பு ஏறினதால கணுக்கால் தெரிய வேண்டியதாச்சு. பழைய படத்துல அதைச் சிலுவார் மூடியிருந்துச்சு. அந்த ரெண்டு அங்குலம் மட்டும் பேரனோட கால்.

கரையை மட்டும் தேர்ந்தெடுத்து Hue/Saturation-ல Hue-ஐ நகர்த்தி அரக்கைப் பச்சையாக்கினேன். அதுல நிறம்தான் மாறும். மடிப்பு மேட்டுல வெளிச்சமும் பள்ளத்துல நிழலும் அப்படியே நிக்கும். தேர்வு விளிம்பைத் தாண்டினா வெள்ளைத் துணியில பச்சை கசியும், அதனால பெரிசாக்கிப் பார்த்துப் பண்ணணும். கடைசியா, பளிச்சுன்னு இருந்த வெள்ளையைக் கொஞ்சம் மங்கலாக்கி, பழைய ஃபிலிமோட புள்ளிகளையும் சேர்த்தேன். இல்லாட்டி மேலே பழைய ஆளு, கீழே புது வேட்டின்னு ரெண்டாப் பிரிஞ்சு தெரியும்.

படம் இப்ப மண்டபத்துல இருக்கு. சிலுவார் படத்தை நான் அழிக்கலை. மாத்தின படம்னு பின்னால எழுதி, அசலையும் சேர்த்து உறைக்குள்ள வச்சு ஆயாகிட்ட கொடுத்தேன். வாங்கிட்டு சொருகல் இருந்த இடத்தை விரலால தொட்டுப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை.